ஞாயிறு பேப்பர் பாத்து திங்கள் அலாரம் எழுதின கதை: வெள்ளவத்தையில ஒரு அஞ்சு வார டைம்டேபிள்

என்ட சின்னம்மாட மகள், எனக்குத் தங்கச்சி, அரசாங்க வேலைக்கான போட்டிப் பரீட்சை ஒண்டுக்குப் படிக்கிறாள். இருக்கிறது வெள்ளவத்தையில, வேலை புறக்கோட்டையில ஒரு மொத்தக் கடையில கணக்குப் பாக்கிறது. காலம ஏழே முக்காலுக்கு காலி வீதியில 100 பஸ் பிடிச்சா திரும்பி வீட்டுக்கு வர ஆறரை ஏழாகும். நானும் இப்பிடி வேலைக்குப் போய்க்கொண்டே ரெண்டு தரம் எழுதி ரெண்டாந்தரம் பாஸ் பண்ணி இப்ப ஒரு திணைக்களத்தில இருக்கிறன், அதால அவள் ஒரு நாள் தன்ட டைம்டேபிளைத் தூக்கிக்கொண்டு தெஹிவளைக்கு என்ட வீட்டுக்கு வந்தாள். அதுக்குப் பிறகு அஞ்சு கிழமை நாங்க செய்ததை, எண்ணிக்கைகளோட அப்பிடியே எழுதுறன். இதே நிலைமையில வேலையும் படிப்புமா நிக்கிற ஆக்கள் கனபேர் எண்டு தெரியும்.

முதல்ல பழைய டைம்டேபிள். பாக்க வடிவா இருந்திச்சு, கலர் பேனையால கோடு கீறி, இரவு ஏழரைல இருந்து பதினொரு மணி வரைக்கும் ஒவ்வொரு நாளும் நாலு பாடம். நுண்ணறிவு, பொது அறிவு, மொழி, கிரகிப்பு. ஃபோன்ல ஒவ்வொண்டுக்கும் ஒரு ரிமைண்டர், "ஐகியூ படி", "ஜிகே படி" எண்டு. இது பதினொரு நாள்தான் ஓடியிருக்கு. ஏன் நிண்டது எண்டு கேக்க அவள் சொன்னது, "அக்கா, எட்டேகாலுக்கு அது அடிக்கேக்க நான் கோப்பை கழுவிக்கொண்டு நிப்பன், பிறகு பாப்பம் எண்டு தள்ளி விட்டுடுவன்." அது ஒரு காரணம். ஆனா அதைவிடப் பெரிய காரணம் கொப்பியில இருந்திச்சு. ஒரு நாள் விட்டதை அடுத்த நாள் கணக்கில சேத்து எழுதிக்கொண்டே வந்திருக்கிறாள், ரெண்டாவது வியாழனாகேக்க அந்தக் கடன் ஒம்பது மணித்தியாலம். ஒரு வேலை நாள்ல ஒம்பது மணித்தியாலக் கடனை யார் அடைக்கிறது, அதோட கொப்பியை மூடிட்டாள்.

அதால நாங்க முதல் எடுத்த முடிவு, விட்ட நாளை அடுத்த நாளுக்குக் கொண்டுபோறேல்ல. விட்டா விட்டதுதான். சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் சும்மா வைச்சிருக்கம், விட்டதில ஒண்டை மட்டும் அங்க செய்யலாம், ரெண்டு விட்டிருந்தா நுண்ணறிவை மட்டும் எடுக்கிறது. மாசக் கடைசியில கடையில ஸ்டொக் எடுப்பு, அந்தக் கிழமை வெள்ளி கட்டாயம் போகும் எண்டு முதலே தெரியும், அதால அந்த வெள்ளிக்கு ஒண்டும் போடேல்ல.

ரெண்டாவது, படிக்கிற நேரத்தை இரவில இருந்து காலமைக்கு மாத்தினது. அஞ்சு பத்துக்கு அலாரம், அஞ்சரைல இருந்து ஆறு இருபது வரைக்கும் அம்பது நிமிஷம். இரவில அவள் படிச்சதில பாதி கண்ணை மூடிக்கொண்டு படிச்சதுதான், அதை அவளே ஒத்துக்கொண்டாள். பஸ்ல போற நேரம் இருந்து போனா பொது அறிவுக் குறிப்பு, நிண்டு போனா ஒண்டுமில்ல. நிண்டுகொண்டு ஒரு கையால கம்பியைப் பிடிச்சு மற்றக் கையால ஃபோனைப் பிடிச்சுப் படிக்கிறதெண்டு டைம்டேபிள்ல எழுதி வைக்கிறது பிரயோசனமில்ல.

கிழமை இப்பிடி வந்திச்சு. திங்களும் வியாழனும் நுண்ணறிவு, செவ்வாய் மொழி, புதன் பொது அறிவு, வெள்ளி பாதி பொது அறிவு பாதி வர்த்தமானி பாக்கிறது, சனி பிழை விட்ட கேள்வி மட்டும், ஞாயிறு மொடல் பேப்பர். வெள்ளியில ஏன் வர்த்தமானி எண்டா கிழமை வர்த்தமானி வெள்ளிக்கிழமைதான் வெளிவாறது, `documents.gov.lk` போய்ப் பாக்கலாம், பத்து நிமிஷம்கூடத் தேவையில்ல. விண்ணப்ப முடிவுத் திகதி, வயசெல்லை, எந்தெந்த வினாத்தாள், எவ்வளவு நேரம் எல்லாம் அந்த அறிவித்தல்லதான் இருக்கு. யாரோ அனுப்பின ஸ்கிரீன்ஷொட்டை நம்பிப் படிச்சு, பாடத்திட்டத்தில இல்லாத ஒண்டுக்கு மாசக்கணக்கில நேரம் போட்ட ஆக்களை எனக்குத் தெரியும்.

இனி ரிமைண்டர். இதைப் பத்திக் கொஞ்சம் கூடச் சொல்லோணும், ஏனெண்டா ஆக்கள் இதை அலாரம் வைச்சா முடிஞ்சுது எண்டு நினைக்கிறாங்க. "ஐகியூ படி" எண்டு ஃபோன் சொன்னா, எழும்பி இருந்தவள் அடுத்து என்ன செய்யோணும்? எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், எத்தினை கேள்வி, எப்ப நிப்பாட்டுறது எண்டு யோசிக்கவே பத்து நிமிஷம் போகுது, விடிய அஞ்சரைக்கு யோசிக்கிற மூளை இல்ல, ஃபேஸ்புக்குக்குப் போற விரல்தான் இருக்கு. அதால ரிமைண்டர்ல பாடத்தின்ட பேர் எழுதுறேல்ல, செய்யிற வேலையை எழுதுறது. அவள்ட ரெண்டாவது கிழமை வியாழன் அலாரத்தில இருந்தது இது: "வட்டமேசை 4 கேள்வி, 8 நிமிஷம், பச்சைக் கொப்பி, பிறகு எண் தொடர் 15." எத்தினை, எவ்வளவு நேரம், எந்தக் கொப்பி, மூண்டும் இருக்கோணும்.

இதில ஒரு சின்னப் பிரச்சினை வந்திச்சு. அலாரத்தின்ட லேபிள் நீளமா இருந்தா அவள்ட ஃபோன்ல முதல் நாலஞ்சு சொல்லுதான் தெரியும், மிச்சம் வெட்டுப்பட்டிடும். முதல் நாள் "வியாழக்கிழமை காலை நுண்ணறிவு…" எண்டு எழுதி வேலை தெரியாமப் போச்சு. அதுக்குப் பிறகு வேலை முன்னுக்கு, மிச்சம் பின்னுக்கு. ஏழு நாளுக்கு ஏழு தனித்தனி அலாரம், ஒவ்வொண்டுக்கும் அந்தந்த நாள் மட்டும் தெரிவு செய்து வைச்சம். சும்மா நோட்டிபிகேஷனா வைச்சா விரலால தள்ளி விட்டுடுவாள், அலாரமெண்டா நிப்பாட்ட எண்டாலும் லேபிளைப் பாத்துத்தான் ஆகோணும். ஃபோனையும் கட்டிலடியில வைக்காம படிக்கிற மேசையில பச்சைக் கொப்பிக்கு மேல வைச்சிட்டுப் படுக்கச் சொன்னன்.

இந்த லேபிளை எல்லாம் ஒரே தரம் எழுதி வைச்சா ரெண்டாவது கிழமையே பழசாப் போயிடும். ஒவ்வொரு ஞாயிறு இரவும் புதுசா எழுதோணும், அதை எழுதுறதுக்குத்தான் ஞாயிறு பேப்பர். மார்க்ஸ் தெரிஞ்சுகொள்ள மட்டும் பேப்பர் செய்தா அது பாதி வேலைதான்.

ஞாயிறு காலம ஒம்பதரைக்கு என்ட வீட்டுச் சாப்பாட்டு மேசையில, அம்பது கேள்வி நுண்ணறிவு, ஒரு மணித்தியாலம். அப்பிடிப் பாத்தா ஒரு கேள்விக்கு எழுபத்திரெண்டு செக்கன், பத்துக் கேள்விக்கு பன்னெண்டு நிமிஷம். செய்யேக்க ரெண்டு விஷயம் மட்டும் பக்கத்தில குறிக்கச் சொன்னன். ஒண்டு, பத்தாவது, இருபதாவது, முப்பதாவது, நாப்பதாவது கேள்வி முடியேக்க மணி என்ன எண்டு. மற்றது, வடிவாத் தெரியாம குத்துமதிப்பா விடை போட்ட கேள்விக்குப் பக்கத்தில ஒரு புள்ளி. நேரம் முடிய எங்க நிக்கிறாளோ அங்க கோடு கீறி பேனையை வைக்கோணும், மிச்சத்துக்குச் சும்மா விடை போடக்கூடாது. உண்மையான பரீட்சையில அறிவுறுத்தலை வாசிச்சு என்ன செய்யிறதெண்டு பாக்கலாம், இங்க எங்களுக்குத் தேவை எவ்வளவு தூரம் போனாள் எண்ட உண்மைக் கணக்கு.

முதல் ஞாயிறு அம்பதுக்கு இருபத்தேழு சரி. பரவாயில்ல எண்டு அவள் சிரிச்சாள், ஆனா புள்ளி போட்டதுகளைப் பாத்தா பன்னெண்டு, அதில ஏழு சரி வந்திருக்கு. நாலு விடையில ஒண்டைக் கண்ணை மூடித் தெரிஞ்சாலே பன்னெண்டில மூண்டு சரி வரலாம், அவளுக்கு அரைகுறை தெரிஞ்சதால ஏழு வந்திருக்கு. அடுத்த பேப்பர்ல அந்த ஏழும் வரும் எண்டு யாராலயும் சொல்லேலாது. அதால உறுதியா அவள்ட கையில இருக்கிறது இருபது. நாங்க கிழமைக்குக் கிழமை பாத்தது இந்த உறுதி மார்க்ஸைத்தான், மொத்தத்தை இல்ல.

பிழையான இருபத்திமூண்டையும் மூண்டாப் பிரிச்சம். வழியே தெரியாதது ஒம்பது. நேரம் போதாம தொடாதது எட்டு. தெரிஞ்சும் கவனமில்லாம விட்டது ஆறு. இதைப் பிரிக்கிறதுக்கு ஒரு சோதனை இருக்கு, விடையைப் பாக்காம அதே கேள்வியை இன்னொருக்கா நேரம் பாக்காம செய்ய விடுறது. அப்ப சரி வந்தா அது கவனப் பிழை, திரும்பவும் சறுக்கினா தெரியாதது. அவளையே கேட்டா எல்லாத்தையும் "ஐயோ இது தெரியும் அக்கா" எண்டுதான் சொல்லுவாள், விடையைப் பாத்த பிறகு எல்லாருக்கும் அப்பிடித்தான் இருக்கும்.

கவனப் பிழையில ஒண்டு: 2024 ஜனவரி முதலாந்திகதி திங்கட்கிழமை எண்டா 2025 ஜனவரி முதலாந்திகதி என்ன கிழமை? அவள் செவ்வாய் எண்டு போட்டிருந்தாள். முன்னூத்தறுபத்தஞ்சை ஏழால பிரிச்சா மிச்சம் ஒண்டு, ஆகவே ஒரு நாள் தள்ளும், அந்த வழி சரி. ஆனா 2024 நெட்டாண்டு, முன்னூத்தறுபத்தாறு நாள், மிச்சம் ரெண்டு, விடை புதன். திரும்பச் செய்யேக்க ஒரு நிமிஷத்தில புதன் எண்டாள். இதுக்கு நாட்காட்டிப் பாடத்தைத் திரும்பப் படிச்சுப் பிரயோசனமில்ல, வருஷத்தைக் கண்டவுடன நாலால பிரிபடுதா எண்டு பாக்கிற பழக்கம் மட்டும்தான் வேணும். மற்ற கவனப் பிழையில மூண்டு "பொருந்தாதது எது", "உண்மையல்லாதது எது" எண்ட கேள்வி, அந்த "அல்லாத"வை விட்டுட்டு வாசிச்சிருக்கிறாள். அதுக்கு பென்சிலால அந்தச் சொல்லுக்குக் கீழ கோடு போடுறது.

தொடாத எட்டுத்தான் பெரிசு. அவள் தான் முழுக்கவே மெதுவு எண்டு நினைச்சுக்கொண்டிருந்தாள். குறிச்ச மணிகளைப் பாத்தா வேற கதை. பத்தாவது கேள்வி 9.41க்கு முடிஞ்சிருக்கு, அது நல்லம். இருபதாவது 9.58க்கு, அதாவது பன்னெண்டு நிமிஷத்தில முடிக்க வேண்டிய பத்துக்கு பதினேழு நிமிஷம். முப்பதாவது 10.10, திரும்பச் சரியான வேகம். நாப்பதாவது 10.26, அங்கயும் நாலு நிமிஷம் கூட. ரெண்டு இடத்தில மட்டும்தான் பிடிபட்டிருக்கிறாள். பதினொண்டுக்கும் இருபதுக்கும் இடையில வட்டமேசையில ஆறு பேர் இருக்கிற மாதிரி ஒரு கேள்வித் தொகுதி, மூண்டு கேள்விக்கு ஒம்பது நிமிஷம், அதுக்குள்ள படம் கீறி அழிச்சு திரும்பக் கீறி. அவள் முதல் வசனத்தை வாசிச்சவுடனயே ஆளை இருத்தத் தொடங்குறாள். எல்லா வசனத்தையும் ஒருக்கா வாசிச்சு, "அவருக்கு நேரெதிரே" எண்டு வாற மாதிரி இடம் நிச்சயமான ஒண்டில இருந்து தொடங்கினா படம் ஒருக்கா கீறினாப் போதும். ஒண்டரை நிமிஷத்தில படம் நிக்கேல்ல எண்டா நட்சத்திரம் போட்டு விட்டுட்டுப் போ, கடைசியில வா, எண்டு சொன்னன். அதுதான் வியாழன் அலாரத்தில வட்டமேசை வந்த காரணம். அந்த ஞாயிறு இரவு ரெண்டே ரெண்டு விஷயம்தான் மாத்தினம், வட்டமேசையும் கோடு போடுறதும். கனக்க மாத்தினா அடுத்த ஞாயிறு எது வேலை செய்தது எண்டு தெரியாமப் போகும்.

ரெண்டாவது ஞாயிறு இருபத்தொம்பது, புள்ளியால வந்தது ஆறு, உறுதி இருபத்திமூண்டு. தொடாதது எட்டில இருந்து மூண்டாச்சு. ஆனா கவனப் பிழை ஆறில இருந்து ஒம்பதாகிட்டுது! வேகம் கூடின இடத்தில கவனம் போயிருக்கு, அதோட கோடு போடுறதை முதல் பதினஞ்சு கேள்விக்கு மட்டும் செய்திட்டு விட்டுட்டாள், பேப்பர்லயே தெரியுது. அதால மூண்டாவது கிழமை திங்கள் லேபிள்: "பொருந்தாதது 20, கோடு போட்டு, 20 நிமிஷம்." வேணுமெண்டே மெதுவா.

மூண்டாவது ஞாயிறு முப்பத்தாறு. அவளுக்குச் சந்தோஷம் தாங்கேல்ல, சின்னம்மாக்குக் கோல் எடுக்கப் போனாள். எனக்கு மணியைப் பாக்க ஒரு மாதிரி இருந்திச்சு, நாப்பத்தொரு நிமிஷத்தில முடிச்சிருக்கிறாள், போன கிழமை ஒரு மணித்தியாலமும் போதாதவள். கேட்டா, பேப்பர்ல பதினொரு கேள்வி போன வருஷம் டியூசன்ல செய்தது. கடையில வாங்கிற மொடல் புத்தகங்கள்ல பழைய கடந்தகால வினாத்தாள்க் கேள்விகள் திரும்பத் திரும்ப வரும், அதால இது அடிக்கடி நடக்கும். மார்க்ஸ் திடீரெண்டு ஏறி, நேரமும் மிச்சம் வந்தா முதல்ல பாக்க வேண்டியது இதைத்தான். அந்தக் கிழமையைக் கணக்கில சேக்கேல்ல, அவள் முகம் வாடினது எனக்கும் கவலைதான், ஆனா சேத்திருந்தா அடுத்த கிழமை இன்னும் பெரிய அடி விழுந்திருக்கும். அதுக்குப் பிறகு பேப்பரை நான் தெரிஞ்சு வைக்கிறது, அவள் ஞாயிறு காலம வரைக்கும் பாக்கிறேல்ல.

நாலாவது ஞாயிறு இருபத்தெட்டு. "குறைஞ்சிட்டுது அக்கா, இவ்வளவு படிச்சும்." ரெண்டாவது கிழமை இருபத்தொம்பதைவிட ஒண்டு குறைவுதான், முப்பத்தாறோட பாத்தா பெரிய விழுகை. புள்ளிகளை எண்ணினா மூண்டுதான் அதிர்ஷ்டத்தில வந்தது, உறுதி இருபத்தஞ்சு. ரெண்டாவது கிழமையைவிட ரெண்டு கூட. கவனப் பிழை அஞ்சு, தொடாதது நாலு. தெரியாதது மட்டும் பதிமூண்டு, பிரிச்சுப் பாத்தா அதில ஏழு உருவக் கோலம், இந்தப் பேப்பர்ல அது கூட வந்திருக்கு, அவள் அதை அதுவரைக்கும் ஒரு நாளும் முறையாப் படிக்கேல்ல, பிடிக்காததால தள்ளித் தள்ளிப் போட்டிருக்கிறாள். மொத்த மார்க்ஸ் மட்டும் எழுதி வைச்சிருந்தா இந்தக் கிழமையோட இவள் மனம் விட்டிருப்பாள், எனக்கு அதில சந்தேகமே இல்ல.

அஞ்சாவது கிழமை திங்களும் வியாழனும் ரெண்டும் உருவக் கோலத்துக்குப் போச்சு: "உருவம் 10, ஒரு அம்சம் மட்டும் பார், 15 நிமிஷம்." அது எப்பிடியெண்டா, படத்தை முழுசாப் பாக்காம, முதல்ல எத்தினை கோடு இருக்கு எண்டு மட்டும், பிறகு எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புது எண்டு மட்டும், பிறகு கறுப்பு எங்க நகருது எண்டு மட்டும் பாக்கிறது. ஒவ்வொண்டாப் பாக்கேக்க பொருந்தாத விடைகள் தானே வெட்டுப்பட்டுக்கொண்டு போகும்.

மற்றப் பாடங்களைப் பத்திச் சுருக்கமாச் சொல்லுறன். பொது அறிவில அவளுக்கு அரசியலமைப்பு வருஷங்கள் எல்லாம் குழம்பும். 1931 டொனமூர், 1947 சோல்பரி, 1972 முதலாம் குடியரசு யாப்பு, 1978 இப்ப இருக்கிற யாப்பு, 1987 பதிமூண்டாவது திருத்தமும் மாகாண சபையும், பிறகு 2015ல பத்தொம்பதாவது, 2020ல இருபதாவது, 2022ல இருபத்தோராவது. இதை ஒரு அட்டையில எழுதி பஸ்ஸுக்குக் குடுத்தன், வருஷம் ஒரு பக்கம் என்ன நடந்தது எண்டு மற்றப் பக்கம். புதன் லேபிள் "வாசி" எண்டு இருக்காது, "அட்டை பாக்காம 8 வருஷமும் எழுது" எண்டு இருக்கும். மொழிக்குச் செவ்வாயில ஒரு பத்திரிகைப் பந்தியை மூண்டில ஒரு பங்காச் சுருக்கி எழுதுறது, சொல்லை எண்ணி, திருத்துறது நான். தன்ட சுருக்கத்தைத் தானே திருத்தினா எல்லாம் சரியாத்தான் தெரியும்.

இந்த முறையால ஏலாதது ஒண்டையும் சொல்லோணும். ஞாயிறு பேப்பர் காட்டுறது அந்தப் பேப்பர்ல வந்த கேள்விகளை மட்டும்தான், வராத வகையில அவள் பலவீனமா எண்டு தெரியாது, உருவக் கோலம் நாலாவது கிழமை வரைக்கும் ஒளிஞ்சிருந்தது அப்பிடித்தான். அதால இப்ப அறிவித்தல்ல இருக்கிற வகைகளை எல்லாம் கொப்பியின்ட கடைசிப் பக்கத்தில எழுதி, பேப்பர்ல வர வர சரி போட்டுக்கொண்டு வாறம். ரெண்டு கிழமையா சரி விழாத வகைக்குச் சனிக்கிழமையில பத்துக் கேள்வி.

போன ஞாயிறு முப்பத்திமூண்டு, புள்ளியால நாலு, உறுதி இருபத்தொம்பது. கவனப் பிழை அஞ்சுலயே நிக்குது, அதில ரெண்டு திரும்பவும் "அல்லாத". தொடாதது ரெண்டு. தெரியாதது பத்து, அதில உருவம் மூண்டுதான், நாலு இரத்த உறவுக் கேள்வி, மச்சாள், மருமகன், பெரியப்பா எண்டு வாறது, அதுக்குப் படம் கீறாம வாயால சொல்லிச் சொல்லிப் பாத்திருக்கிறாள். மேசையில இருந்தே ஃபோனை எடுத்து நாளைக்கான லேபிளை மாத்தினாள், இந்த முறை நான் சொல்லேல்ல, அவளே எழுதினது: "உறவு 8, குடும்ப மரம் கீறி, 12 நிமிஷம், பச்சைக் கொப்பி."